இரண்டு பெயர்ப் பட்டியலை ஒப்பிட்டால் எல்லாரும் ‘இல்லை’ என்று வருவது ஏன்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எக்செல், கூகுள் ஷீட்ஸ் இரண்டிலும் பெயர்ப் பட்டியல்களைச் சரிபார்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் சந்தேகங்கள் இவை. எல்லாப் பதில்களுக்கும் ஒரே எடுத்துக்காட்டு. ஒரு பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்த 60 பேர் `Pathivu` என்ற ஷீட்டில் A2 முதல் A61 வரை இருக்கிறார்கள். வகுப்புக்கு வந்த 48 பேர் `Varugai` என்ற ஷீட்டில் A2 முதல் A49 வரை இருக்கிறார்கள். பதிவு செய்தும் வராதவர்கள் யார் என்பதுதான் கேள்வி.

இரண்டு லிஸ்ட் இருக்கு. ஒண்ணுல இல்லாத பெயரை மட்டும் காட்ட எந்த ஃபார்முலா போடணும்?

`Pathivu` ஷீட்டில் C2 செல்லில் இதை எழுதி, C61 வரை இழுத்து நிரப்புங்கள்:

```
=IFNA(IF(MATCH(A2,Varugai!$A$2:$A$49,0)>0,"உண்டு"),"இல்லை")
```

A2-இல் உள்ள பெயர் வருகைப் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் இருக்கிறது என்று `MATCH` தேடுகிறது. கிடைத்தால் ஓர் எண் வரும், செல்லில் ‘உண்டு’ என்று காட்டும். கிடைக்காவிட்டால் `#N/A` என்ற பிழை வரும். அதை `IFNA` பிடித்து ‘இல்லை’ என்று மாற்றுகிறது. கடைசியில் உள்ள 0 அச்சு அசலான பொருத்தம் வேண்டும் என்பதற்கான குறி. வரம்பில் உள்ள `$` குறிகள், ஃபார்முலாவைக் கீழே இழுக்கும்போது தேடும் இடம் நகராமல் பிடித்து வைக்கின்றன.

பலரும் `IFNA` இருக்கும் இடத்தில் `IFERROR` போடுகிறார்கள். இந்த வேலைக்கு அது வேண்டாம். காரணம் மூன்றாவது கேள்வியில் வருகிறது.

அப்படித்தான் போட்டேன். 60 பேருமே ‘இல்லை’னு வருது. கண்ணால பார்த்தா பெயர் இருக்கே?

எல்லாருமே இல்லை என்று வந்தால் பெயர்களில் எழுத்துப் பிழை தேட வேண்டாம். எழுத்துப் பிழை அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் விழும், அறுபது வரிசையிலும் விழாது. எல்லா வரிசைக்கும் பொதுவான ஒரே குறை ஒன்று இருக்கிறது. ஃபார்முலாவில் இருக்கலாம், அல்லது ஒரு பட்டியல் முழுவதையும் பாதித்த ஏதோ ஒன்றாக இருக்கலாம். அதனால் அறுபதையும் பார்க்காமல் ஒரே ஒரு ஜோடியை எடுத்து ஆராய்ந்தாலே போதும்.

இரண்டு பட்டியலிலும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் ஒரு பெயரைத் தேர்ந்தெடுங்கள். பதிவில் A2-இலும் வருகையில் A5-இலும் ‘முருகன்’ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். காலியான ஒரு செல்லில் இதை எழுதுங்கள்:

```
=A2=Varugai!A5
```

`TRUE` வந்தால் பெயர்கள் ஒன்றுதான், கோளாறு ஃபார்முலாவில். அடுத்த கேள்விக்குப் போங்கள். `FALSE` வந்தால் ஃபார்முலாவைக் குடைய வேண்டாம், செல்லுக்குள் இருப்பதே வேறு. நேராக ஐந்தாவது கேள்விக்குப் போங்கள். இந்த ஒரு சோதனையைச் செய்யாமல் ஃபார்முலாவை மாற்றி மாற்றி எழுதுவதில்தான் பெரும்பாலோருக்கு நேரம் வீணாகிறது.

TRUE வருது. அப்போ ஃபார்முலால என்ன தப்பு?

வெளியே சுற்றியிருப்பதை எல்லாம் கழற்றிவிட்டு `MATCH` பகுதியை மட்டும் தனியாக ஒரு செல்லில் எழுதிப் பாருங்கள். அதுவரை மறைந்திருந்த உண்மையான பிழை வெளியே தெரியும். `#REF!` என்றால் நீங்கள் குறிப்பிட்ட ஷீட்டோ நெடுவரிசையோ அழிக்கப்பட்டிருக்கிறது. `#NAME?` என்றால் ஃபங்ஷன் பெயரைத் தவறாக அடித்திருக்கிறீர்கள். `IFERROR` இந்தப் பிழைகளையும் விழுங்கி, எல்லாவற்றுக்கும் ‘இல்லை’ என்றே எழுதிவிடும். தேடலே நடக்காதபோதும் தேடிப் பார்த்துக் கிடைக்கவில்லை என்பது போலக் காட்டும். `IFNA` அப்படிச் செய்யாது. `#N/A` தவிர மற்றப் பிழைகளை அப்படியே வெளியே விடும்.

தனியாக எழுதிய `MATCH`-உம் `#N/A` தருகிறது என்றால் வரம்பைப் பாருங்கள். `Varugai!$A$2:$B$49` என்று இரண்டு நெடுவரிசைகளைக் கொடுத்தால் `MATCH` வேலை செய்யாது. அதற்கு ஒரே நெடுவரிசையோ ஒரே வரிசையோதான் தேவை. `VLOOKUP` பழக்கத்தில் இருப்பவர்கள் முழு அட்டவணையையும் தேர்ந்தெடுப்பதால் இது அடிக்கடி நடக்கிறது. பெயர் B-யில் இருக்க, வரிசை எண் உள்ள A-வைக் கொடுத்திருந்தாலும் இதே விளைவுதான்.

இன்னொன்று, முதல் ஃபார்முலாவுக்குப் பதில் `=IF(ISNA(MATCH(…)),"இல்லை","உண்டு")` என்று எழுதுபவர்களுக்கு நிபந்தனை தலைகீழாக இருப்பது. `ISNA` போட வேண்டிய இடத்தில் `ISNUMBER` போட்டால், வந்தவர்களை எல்லாம் ‘இல்லை’ என்றும் வராதவர்களை ‘உண்டு’ என்றும் காட்டும். ஏறக்குறைய எல்லாரும் வந்திருக்கும் வகுப்பில் இது எல்லாருமே இல்லை என்பது போலவே தெரியும். வரவே வராத, வெறும் சோதனைக்கான ஒரு கற்பனைப் பெயரைப் பதிவுப் பட்டியலின் கடைசியில் சேர்த்துப் பாருங்கள். அதற்கு ‘உண்டு’ என்று வந்தால் நிபந்தனை திரும்பியிருக்கிறது.

முதல் செல்லுக்குச் சரியா ‘இல்லை’னு வந்தது. கீழே இழுத்தா எல்லாத்துக்கும் அதே பதில்தான் வருது. ஏன்?

எக்செல் கணக்கிடும் முறை கையால் இயக்குவதாக மாறியிருக்கலாம். அப்போது ஃபார்முலா கீழே நகலாகும், ஆனால் புதிதாகக் கணக்கிடாமல் மேல் செல்லின் பதிலையே காட்டும். முதல் நபர் உண்மையிலேயே வராதவராக இருந்தால் அறுபது செல்லிலும் ‘இல்லை’ என்று நிற்கும். `F9` விசையை அழுத்துங்கள். பதில்கள் மாறினால் இதுதான் காரணம். `Formulas` தாவலில் `Calculation Options` போய் `Automatic` என்று வையுங்கள்.

மேலே சில பெயர்கள் சரியாக வந்து, கீழே போகப் போக ‘இல்லை’ பெருகினால் அது வேறு. அங்கே `$` குறிகள் விடுபட்டிருக்கும். தேடும் வரம்பு ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு படி கீழே இறங்கி, பட்டியலின் மேல்பகுதியை விட்டுவிட்டுப் போகிறது.

ரெண்டும் ‘முருகன்’தான். ஆனா FALSE வருது. உள்ளே என்ன இருக்குன்னு எப்படிப் பார்க்கிறது?

முதலில் நீளத்தை அளக்க வேண்டும். `=LEN(A2)` என்றும் `=LEN(Varugai!A5)` என்றும் எழுதுங்கள். ‘முருகன்’ என்ற பெயருக்கு 7 வர வேண்டும். நான்கு எழுத்துக்கு ஏழா என்று திகைக்க வேண்டாம். யுனிகோடில் ‘மு’ என்பது ‘ம’ ஒன்றும் உகரக் குறி ஒன்றுமாக இரண்டு குறியீடுகள். ‘ரு’ இரண்டு, ‘க’ ஒன்று, ‘ன்’ என்பதில் ‘ன’வும் புள்ளியுமாக இரண்டு. மொத்தம் ஏழு.

ஒன்றுக்கு 7, மற்றதற்கு 8 என்று வந்தால், கண்ணுக்குத் தெரியாத ஒன்று ஒட்டிக்கொண்டிருக்கிறது. அது எது என்பதைக் கீழே உள்ள ஃபார்முலா காட்டும். புதிய எக்செல்லில் இப்படி:

```
=TEXTJOIN(" ",TRUE,UNICODE(MID(A2,SEQUENCE(LEN(A2)),1)))
```

கூகுள் ஷீட்ஸில் `=` குறிக்குப் பிறகு வருவது முழுவதையும் `ARRAYFORMULA( )` என்பதற்குள் வைக்க வேண்டும். `SEQUENCE` இல்லாத பழைய எக்செல்லில் `=UNICODE(RIGHT(A2,1))` என்று கடைசிக் குறியீட்டையும் `=UNICODE(LEFT(A2,1))` என்று முதல் குறியீட்டையும் பாருங்கள். ஒட்டிக்கொள்பவை பெரும்பாலும் இந்த இரண்டு முனைகளில்தான் இருக்கும்.

சுத்தமான ‘முருகன்’ இப்படி வரும்: 2990 3009 2992 3009 2965 2985 3021. வருகைப் பட்டியலில் இதே வரிசைக்குப் பின் 160 என்று ஒன்று கூடுதலாக இருந்தால் பிடிபட்டுவிட்டது. இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்த பட்டியல்களில் வரும் உடையா இடைவெளி அது. 32 என்றால் சாதாரண இடைவெளி. 8203 என்றால் அகலமே இல்லாத இடைவெளி. 65279 பொதுவாகக் கோப்பின் தொடக்கத்தில் வரும் குறி, முதல் செல்லில் மட்டும் இருக்கும். 10 அல்லது 13 என்றால் செல்லுக்குள் வரி உடைந்திருக்கிறது.

TRIM போட்டுப் பார்த்துட்டேன். ஒண்ணும் மாறலையே?

`TRIM` நீக்குவது 32 என்ற சாதாரண இடைவெளியை மட்டும்தான். 160 அதற்குக் கண்ணில் படாது. `CLEAN` நீக்குவது 0 முதல் 31 வரையுள்ள குறிகளை. அதிலும் 160 இல்லை. அதனால்தான் இரண்டையும் போட்ட பிறகும் அறுபது ‘இல்லை’யும் அப்படியே நிற்கின்றன. 160-ஐ முதலில் சாதாரண இடைவெளியாக மாற்றி, அதன் பிறகு `TRIM` செய்ய வேண்டும்.

மூலப் பட்டியலைத் தொடாமல், பக்கத்தில் B நெடுவரிசையில் சுத்தமான நகலை உருவாக்குங்கள்:

```
=TRIM(CLEAN(SUBSTITUTE(SUBSTITUTE(SUBSTITUTE(A2,
UNICHAR(160)," "),UNICHAR(8203),""),UNICHAR(65279),"")))
```

இதை இரண்டு ஷீட்டிலும் B-யில் நிரப்புங்கள். ஒரு பட்டியலை மட்டும் சுத்தம் செய்தால் பயன் இல்லை. அழுக்கு எந்தப் பக்கம் என்று தெரிந்தாலும் இரண்டுக்கும் ஒரே சலவை நடப்பது நல்லது. பிறகு முதல் கேள்வியின் ஃபார்முலாவில் A2-க்குப் பதில் B2 என்றும், `Varugai!$A$2:$A$49` என்பதற்குப் பதில் `Varugai!$B$2:$B$49` என்றும் மாற்றுங்கள்.

`CHAR(160)` என்று எழுதச் சொல்லும் குறிப்புகளும் உண்டு. விண்டோஸில் அது சரிதான். மேக் கணினியில் `CHAR` தரும் குறி மாறக்கூடும் என்பதால் இரண்டிலும் ஒன்றாக இயங்கும் `UNICHAR` மேல்.

LEN ரெண்டுக்கும் ஒரே நம்பர். அப்பவும் FALSE. இது எப்படி?

ஒரு குறி இருக்க வேண்டிய இடத்தில் வேறொரு குறி இருக்கிறது. ‘க. முருகன்’ என்பதில் தலைப்பெழுத்துக்கும் பெயருக்கும் நடுவே ஒரு பட்டியலில் 32-உம் மற்றதில் 160-உம் இருந்தால் நீளம் மாறாது. மேலே சொன்ன குறியீட்டு வரிசையை இரண்டு செல்லுக்கும் எடுத்து, ஒன்றின் கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எந்த இடத்தில் எண் மாறுகிறது என்பது உடனே தெரியும். 160 என்றால் முந்தைய பதிலின் ஃபார்முலா அதையும் சரிசெய்துவிடும்.

தமிழ்ப் பெயர்களில் இன்னொரு வகை உண்டு. திரையில் ஒன்றாகத் தெரியும் எழுத்தை இரண்டு விதமாக அடிக்க முடியும். ‘ஸ்ரீதர்’, ‘ஸ்ரீதேவி’ போன்ற பெயர்களில் முதல் குறியீடு சில பட்டியல்களில் 3000 ஆகவும் சிலவற்றில் 2998 ஆகவும் இருக்கும். முன்னது ‘ஸ’, பின்னது ‘ஶ’. பெரும்பாலான எழுத்துருக்களில் இரண்டும் ஒரே ‘ஸ்ரீ’ வடிவமாகவே தெரியும். ‘கௌசல்யா’வில் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பும் ‘ள’ எழுத்தும் சேர்த்து அடித்திருப்பார்கள். அப்போது 3020 வர வேண்டிய இடத்தில் 3014, 2995 என்று இரண்டு குறியீடுகள் வரும், நீளமும் ஒன்று கூடும். அதேபோல் ‘கொ’வின் ஒகரக் குறி 3018 என்ற ஒரே குறியீடாகவும் இருக்கலாம், 3014, 3006 என்று பிரிந்தும் இருக்கலாம். பிரிந்ததைச் சேர்க்க:

```
=SUBSTITUTE(SUBSTITUTE(B2,UNICHAR(3014)&UNICHAR(3006),
UNICHAR(3018)),UNICHAR(3015)&UNICHAR(3006),UNICHAR(3019))
```

இவை குறிப்பிட்ட எழுத்துகள் உள்ள பெயர்களை மட்டுமே பாதிக்கும். எல்லாரும் ‘இல்லை’ என்பதற்கு இவை காரணமாக இருக்க முடியாது. பெரிய குறையைத் தீர்த்த பிறகு மிஞ்சும் சில பெயர்களில் இவற்றைத் தேடுங்கள்.

ஒரு லிஸ்ட் பழைய ஆளு பாமினி ஃபாண்டுல அடிச்சது. அதனால பிரச்சினை வருமா?

வரும், அதுவும் முழுமையாக. பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் செல்லுக்குள் இருப்பது தமிழே அல்ல. ஆங்கில விசைகளின் எழுத்துகள் இருக்கின்றன, எழுத்துரு அவற்றுக்குத் தமிழ் வடிவம் போட்டுக் காட்டுகிறது. பாமினியில் ‘முருகன்’ என்று தெரியும் செல்லின் உள்ளே இருப்பது `KUfd;` என்ற ஐந்து குறிகள். யுனிகோடு ‘முருகன்’ உடன் அது எந்த நாளும் பொருந்தாது. இடைவெளியை எவ்வளவு நீக்கினாலும் மாற்றம் வராது.

சோதிப்பது எளிது. அந்தப் பட்டியலைத் தேர்ந்தெடுத்து எழுத்துருவை `Arial` என்று மாற்றுங்கள். தமிழாகவே நின்றால் யுனிகோடு. `KUfd;` போல் உருமாறினால் பழைய குறியாக்கம். செல்லைத் தேர்ந்தெடுத்து மேலே உள்ள ஃபார்முலாப் பட்டையைப் பார்த்தாலும் அது வெளிப்படும். அப்படியானால் முழுப் பட்டியலையும் ஒரு குறியாக்க மாற்றி வழியாக யுனிகோடுக்குக் கொண்டுவந்த பிறகே ஒப்பிட வேண்டும். பாமினி, டிஸ்கி, வானவில் எல்லாம் வெவ்வேறு குறியாக்கங்கள் என்பதால், மாற்றியில் சரியான மூலத்தைத் தேர்ந்தெடுங்கள். மாற்றி முடித்ததும் ‘கொ’, ‘கோ’ உள்ள ஒரு பெயரின் குறியீட்டு வரிசையைப் பாருங்கள். சில மாற்றிகள் முந்தைய பதிலில் சொன்ன பிரிந்த வடிவத்தில் தருகின்றன.

CSV-யா சேவ் பண்ணி அனுப்பினாங்க. பெயருக்குப் பதிலா ????? இருக்கு. திருப்பி எடுக்க முடியுமா?

அந்தக் கோப்பிலிருந்து முடியாது. சாதாரண CSV வகையில் சேமித்தபோதே தமிழ் எழுத்துகள் கேள்விக்குறிகளாக எழுதப்பட்டுவிட்டன. அனுப்பியவரிடம் மூலக் கோப்பைத் திறந்து `CSV UTF-8` என்ற வகையில் மறுபடி சேமிக்கச் சொல்லுங்கள், அல்லது எக்செல் கோப்பாகவே வாங்குங்கள்.

இந்த நிலையில் ஒப்பிட்டுப் பார்க்கவும் வேண்டாம். `MATCH`-இல் கடைசி மதிப்பு 0 ஆக இருக்கும்போது, தேடும் சொல்லில் உள்ள `?` என்பதற்கு ‘ஏதோ ஒரு குறி’ என்று பொருள். `???????` என்ற செல்லைத் தேடினால் ஏழு குறியீடு நீளமுள்ள எந்தப் பெயரும் பொருந்திவிடும். வராதவருக்கும் ‘உண்டு’ என்று வரும்.

ஒரு லிஸ்ட்ல ‘க. முருகன்’, இன்னொண்ணுல ‘முருகன் க’. இதை எப்படிச் சமாளிக்கிறது?

ஒரு பட்டியல் முழுக்கத் தலைப்பெழுத்து முன்னாலும் மற்றது முழுக்கப் பின்னாலும் இருந்தால், இதுவும் எல்லாரையும் ‘இல்லை’ ஆக்கும். முதலில் புள்ளியை ஒழியுங்கள். B-யில் உள்ள சுத்தம் செய்யும் ஃபார்முலாவில் A2 இருக்கும் இடத்தில் `SUBSTITUTE(A2,"."," ")` என்று வையுங்கள். ‘க.முருகன்’, ‘க. முருகன்’, ‘க முருகன்’ மூன்றும் ‘க முருகன்’ என்று ஒன்றாகிவிடும்.

அடுத்து, தலைப்பெழுத்து முன்னால் இருந்தால் அதைப் பின்னால் தள்ளுவது. இரண்டு ஷீட்டிலும் C நெடுவரிசையை இதற்கு ஒதுக்கி, முடிவுக்கான ஃபார்முலாவை வலப்பக்கம் நகர்த்தி, அதில் B-க்குப் பதில் C-யைக் கொடுங்கள்:

```
=IF(IFERROR(FIND(" ",B2),99)<=3,
MID(B2,FIND(" ",B2)+1,100)&" "&LEFT(B2,FIND(" ",B2)-1),B2)
```

முதல் இடைவெளி மூன்றாவது இடத்துக்குள் வந்தால், அதாவது முதல் துண்டு ஒன்று அல்லது இரண்டு குறியீடு மட்டும் இருந்தால், அதைத் தலைப்பெழுத்து என்று எடுத்துக்கொள்கிறது. ‘க’ ஒன்று, ‘மு’ இரண்டு, ‘ஜெ’ இரண்டு. இவை எல்லாம் நகரும். எல்லையை இன்னும் ஒன்று கூட்டினால் ‘எஸ்’ போன்ற மூன்று குறியீட்டுத் தலைப்பெழுத்தும் அடங்கும். ஆனால் ‘மணி’யும் மூன்று குறியீடுதான். ‘மணி குமார்’ அப்போது ‘குமார் மணி’ ஆகிவிடுவார். அதனால் எல்லையை 3-இலேயே விட்டு, ‘எஸ்’, ‘எம்’ வகையைக் கையால் திருத்துவதுதான் பாதுகாப்பு. ‘ஆ க முருகன்’ என்று இரண்டு தலைப்பெழுத்து இருந்தால் இதே ஃபார்முலாவை அடுத்த நெடுவரிசையில் C2-ஐ நோக்கி இன்னொரு முறை போடுங்கள். முதல் முறை ‘க முருகன் ஆ’, இரண்டாம் முறை ‘முருகன் ஆ க’ என்று நிற்கும். ஒரே தலைப்பெழுத்து உள்ளவர்களுக்கு இரண்டாம் முறை பெரும்பாலும் எதுவும் மாறாது. ‘கலா’ போல மிகச் சிறிய பெயர்கள் மூன்று குறியீடுதான் என்பதால் அவையும் தப்பிவிடும். ‘ரவி’யும் அப்படியே.

பெயர் வேண்டாம்னு பதிவு எண்ணை வெச்சு ஒப்பிட்டேன். அதுலயும் எல்லாம் ‘இல்லை’. எண்ல என்ன எழுத்துப் பிழை வரும்?

எண்ணில் சிக்கல் வேறு. ஒரு பட்டியலில் 101 எண்ணாகவும் மற்றதில் அதே 101 எழுத்து வடிவிலும் சேமிக்கப்பட்டிருக்கும். `MATCH`-க்கு இரண்டும் வேறு வேறு. `=ISTEXT(A2)` இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்தால் ஒன்று `TRUE`, மற்றது `FALSE` என்று வரும். செல் வடிவத்தை எண் என்று மாற்றினால் சரியாகாது. ஏற்கெனவே உள்ளே இருப்பது மறுபடி உள்ளிடும் வரை பழைய வகையிலேயே இருக்கும். இரண்டு பக்கமும் உதவி நெடுவரிசையில் `=TEXT(A2,"0000")` என்று எழுதி, நான்கு இலக்க எழுத்து வடிவமாக்கி ஒப்பிடுங்கள். முன்னால் வரும் பூஜ்யமும் இதில் காப்பாற்றப்படும்.

`COUNTIF` போட்டால் சரியாக வருகிறதே என்பார்கள். அது எண்ணையும் எண் போன்ற எழுத்தையும் ஒன்றாகவே எண்ணும், அதனால் வருகிறது. நான்கு இலக்கப் பதிவு எண்ணுக்கு அது போதும். ஆனால் வங்கிக் கணக்கு எண் போல 15 இலக்கத்துக்கு மேல் போனால் `COUNTIF` பக்கமே போகாதீர்கள். எக்செல் 15 இலக்கம் வரைதான் துல்லியமாக வைத்துக்கொள்ளும். முதல் 15 இலக்கம் ஒன்றாக இருந்து கடைசி மட்டும் மாறும் இரண்டு கணக்குகளை `COUNTIF` ஒன்று என்று எண்ணிவிடும்.

இப்போ 17 பேர் மட்டும் ‘இல்லை’னு வருது. இதை நம்பலாமா?

இன்னும் நம்ப வேண்டாம். எதிர்ப்பக்கத்திலிருந்தும் ஒரு முறை தேடுங்கள். `Varugai` ஷீட்டில் அதே ஃபார்முலாவை, `Pathivu`-வை நோக்கிப் போடுங்கள். அங்கே 5 பேர் ‘இல்லை’ என்று வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பட்டியல்களில் ஒரே பெயர் இரண்டு முறை இல்லாதவரை, இரண்டு ‘இல்லை’களின் வித்தியாசமும் பட்டியல் அளவுகளின் வித்தியாசமும் சமமாக இருக்க வேண்டும். 17-இல் 5 போனால் 12. 60-இல் 48 போனாலும் 12. கணக்கு நேராகிறது, தேடல் முறையாக நடந்திருக்கிறது. நேராகாவிட்டால் வரம்பு தவறியிருக்கிறது, அல்லது ஒரே பெயர் திரும்ப வந்திருக்கிறது.

உண்மையில் வராதவர்கள் 17 பேர் அல்ல என்பதையும் இந்த ஐவர் சொல்கிறார்கள். பதிவு செய்யாமல் வந்தவர்கள் அல்லது பெயர் வேறு மாதிரி எழுதப்பட்டவர்கள் இவர்கள். ஐந்து பெயரையும் 17 பெயருக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணால் பாருங்கள். ‘இலட்சுமி’க்கு ‘லட்சுமி’, ‘சுப்பிரமணியன்’ இருக்கும் இடத்தில் ‘சுப்ரமணியன்’ என்று நான்கு ஜோடி சேர்ந்தால், பதிவில் இல்லாமல் வந்தவர் ஒருவர், பதிவு செய்தும் வராதவர் 13 பேர். 13-இல் 1 போனாலும் அதே 12. இந்தக் கடைசிச் சல்லடையை எந்த ஃபார்முலாவிடமும் விடக் கூடாது. ‘சுமதி’யும் ‘சுமித்ரா’வும் வேறு வேறு ஆட்கள் என்பது பட்டியலை வைத்திருப்பவருக்குத்தான் தெரியும்.

ஒரே பெயர்ல ரெண்டு பேர் பதிவு பண்ணியிருக்காங்க, ஒருத்தர்தான் வந்தார். ரெண்டு பேருக்கும் ‘உண்டு’ன்னு காட்டுதே?

`MATCH` முதலில் கண்ட இடத்தோடு நின்றுவிடும். ஒரே வருகையை இரண்டு பதிவுகளும் பங்கு போட்டுக்கொள்கின்றன. முந்தைய பதிலின் கணக்கு நேராகாமல் போவதற்கும் இதுவே முக்கியக் காரணம். ஒவ்வொரு பெயரும் எத்தனையாவது முறை வருகிறது என்பதைப் பெயரோடு ஒட்டி, ஒட்டிய வடிவத்தை இரண்டு பக்கமும் ஒப்பிடுங்கள்:

```
=B2&"|"&COUNTIF($B$2:B2,B2)
```

தலைப்பெழுத்தை நகர்த்தும் படியையும் செய்திருந்தால், இதில் B-க்குப் பதில் அந்த இறுதி நெடுவரிசையைக் கொடுங்கள். முதல் செல்விக்கு ‘செல்வி|1’, இரண்டாவது செல்விக்கு ‘செல்வி|2’ என்று வரும். வருகையில் ஒரே செல்வி இருப்பதால் ‘செல்வி|2’ இல்லை என்று காட்டும்.

எத்தனை பேர் வரவில்லை என்பது இதில் சரியாகும். ஆனால் வராதவர் எந்தச் செல்வி என்பதை இது சொல்லாது, எப்போதும் இரண்டாவதாக எழுதப்பட்டவரையே காட்டும். அதற்குத் தந்தை பெயரோ பதிவு எண்ணோ இரண்டு பட்டியலிலும், உதாரணமாக D நெடுவரிசையில், இருக்க வேண்டும். இருந்தால் `=B2&"|"&D2` என்று சேர்த்து ஒப்பிடலாம். இல்லையென்றால் ‘|2’ என்று முடியும் வரிசைகளைத் தனியாக எடுத்து, அவர்களைத் தெரிந்தவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

ஒண்ணு தமிழ்ல இருக்கு, இன்னொண்ணு இங்கிலீஷ்ல இருக்கு. ஏதாவது வழி உண்டா?

`MATCH` வழியாக இல்லை. ‘முருகன்’ என்பதற்கு `Murugan`, `Murukan`, `Muruhan` என்று மூவர் மூன்று விதமாக எழுதுவார்கள். ஒலிபெயர்ப்பைச் செய்து கொடுக்கும் கருவியால் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவர முடியாது. இரண்டு பட்டியலிலும் பொதுவாக உள்ள எண்ணைத் தேடுங்கள். பதிவு எண் அல்லது கைபேசி எண் இருந்தால், மேலே எண்களுக்குச் சொன்ன முறையில் ஒப்பிடலாம். கைபேசி எண்ணில் ஒரு பக்கம் `+91` சேர்ந்தும் நடுவே இடைவெளி விட்டும் இருக்கும். `=RIGHT(SUBSTITUTE(SUBSTITUTE(A2," ",""),UNICHAR(160),""),10)` என்று இடைவெளிகளை நீக்கிக் கடைசிப் பத்து இலக்கத்தை மட்டும் எடுத்தால், இரண்டு பக்கமும் எழுத்து வடிவில் ஒரே மாதிரி வந்துவிடும். ஒரே வீட்டில் இருவர் ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால் முந்தைய கேள்வியின் பதில் அங்கேயும் பொருந்தும்.